வாட்ஸ்அப்பில் வந்த மகான் வாக்கு உண்மைதானா? மூலம் தேடிப் பார்க்கும் முறை

*"ஐயா, திருமங்கலம் பக்கம் எங்க ஊர் பஜனை மடத்துல குருபூர்ணிமாவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், குரூப்லயும் போடுறோம். மூணு அட்டை வந்திருக்கு. வள்ளலார் படத்தோட 'எல்லோரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்றறியேன்'. ரமணர் படத்தோட 'நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடக்கக் கூடாதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, அதனால் அமைதியாக இருப்பதே சிறந்தது'. கீதாசாரம்னு 'எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது'. இதெல்லாம் அவங்க சொன்னதுதானா? நாங்களே எப்படிப் பார்த்துக்கிறது?"*

மூன்றும் மூன்று விதம். முதலாவது உண்மையான பாட்டு, ஆனால் ஆள் மாறியிருக்கிறது. இரண்டாவது ரமணருடையதுதான், ஆனால் அவர் எழுதிய சொற்கள் அவை அல்ல. மூன்றாவது அந்த நூலிலேயே இல்லை. உலவும் அட்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று வகைக்குள் வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்த மூன்றையே வைத்துச் சொல்கிறேன்.

அட்டை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது பாட்டா, வசனமா என்பதை. தேடும் வழியே இதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. பாட்டுக்குத் தளை, எதுகை, நூல், பதிகம், எண் என்று பிடிமானங்கள் உண்டு. வசனத்துக்கு இருக்கும் ஒரே பிடிமானம், அதைக் கேட்டு எழுதிவைத்தவர் யார் என்பது.

வள்ளலார் அட்டையை எடுத்துக்கொள்வோம். 'எல்லோரும்', 'அல்லாமல்' என்று இரண்டு அடியும் எப்படித் தொடங்குகின்றன, பாருங்கள். இரண்டிலும் இரண்டாம் எழுத்து லகரத்தில் ஒன்றி வருகிறது. அதுதான் எதுகை. அட்டையில் வரி மடங்கியிருக்கும் இடத்தை நம்பாமல் எதுகை எங்கே விழுகிறது என்று பார்த்தால், இது ஈரடிக் கண்ணி என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது இரண்டாம் அடி சட்டென்று நின்றுபோவதும் தெரியும். கடைசியில் ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்தான் ஆள் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இனித் தேடல். அட்டை படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் வைத்து எழுத்தை நகல் எடுத்துக்கொள்ளலாம். ளகர ழகரமும் ரகர றகரமும் அதில் மாறி விழும், ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள். பிறகு முழு வரியையும் போட்டுத் தேடாதீர்கள். பழம் பாடல்களை ஏற்றியிருக்கும் தளங்களில் சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். நாம் 'இன்புற்றிருக்க' என்று எழுதுவது அங்கே 'இன்புற் றிருக்க' என்று நடுவில் இடைவெளியோடு இருக்கும். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஓர் இடைவெளி மாறினாலும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். 'தேடினேன், எங்கேயும் இல்லை' என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாட்டு இல்லாமல் இல்லை, புணர்ச்சிதான் வேறாக இருந்திருக்கும். ஆகவே நடுவிலிருந்து இரண்டு மூன்று சொல்லை எடுத்து, சேர்த்தும் பிரித்தும் சீர் பிரித்தும் மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்:

```
"வேறொன்றறியேன்" site:projectmadurai.org
"வேறொன் றறியேன்" site:projectmadurai.org
"வேறு ஒன்று அறியேன்"
```

மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்து 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் தொகுப்பு அது. உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழை பார்த்து ஏற்றியது. அதோடு tamilvu.org-இல் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தையும் பாருங்கள். தேவாரம், திருவாசகம், திருமந்திரம் ஆகியவற்றுக்கு thevaaram.org இருக்கிறது. சில பழைய பிடிஎஃப் கோப்புகளில் எழுத்துரு சரியில்லாததால் உள்ளே தேடல் ஓடாது. அந்த மாதிரி இடத்தில் அச்சுப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதிதான் துணை. பாட்டின் முதல் சொல் தெரிந்தால் போதும், அகர வரிசையில் ஒரு நிமிட வேலை. பாட்டின் நடுவரியை மட்டும் அட்டையில் போட்டிருந்தால் அகராதி கைகொடுக்காது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தேடினால் கிடைப்பது இது:

"எல்லோரும் இன்புற் றிருக்க நினைப்பதுவே
அல்லாமல் வேறொன் றறியேன் பராபரமே"

தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணி. முந்நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள், ஒவ்வொன்றும் 'பராபரமே' என்று முடியும். அட்டையில் வெட்டுப்பட்ட சொல் அதுதான். தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். மதுரை நாயக்கர் வழியில் வந்த விஜயரங்க சொக்கநாதர் திருச்சியிலிருந்து ஆண்ட காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர். வள்ளலார் பிறந்தது 1823இல். கருத்து வள்ளலார் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது என்பதால் யாரோ நல்லெண்ணத்தில் படத்தை மாற்றி ஒட்டியிருக்கலாம். ஆனால் பாட்டு தாயுமானவருடையது. வள்ளலார் படம்தான் வேண்டும் என்றால், அவருடைய வரியையே போடுங்கள். ஆறாம் திருமுறையில் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் இருக்கிறது: "வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன் பசியினால் இளைத்தே, வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்." பலரும் முதல் மூன்று நான்கு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். பசியைப் பற்றி அவர் சொல்ல வந்தது அடுத்துத்தான் வருகிறது. ஆகையால் இரண்டு அடியையும் போடுவதுதான் நியாயம்.

பாட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு. சிலர் தம் பாட்டுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பில் தம் பெயரை வைப்பார். நம் ஆலவாயில் பாண்டியனின் வெப்பு நோய் தீரப் பாடியதாகச் சொல்லப்படும் "மந்திரமாவது நீறு" பதிகத்தைக்கூட அப்பர் படத்தோடு யாராவது போட்டு அனுப்பினால் குழம்ப வேண்டாம். பதினோராம் பாட்டைத் திறந்தால் "பூசுரன் ஞானசம்பந்தன்" என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் திருமுறையில் 66ஆம் பதிகம். இந்த வகைச் சந்தேகத்துக்குக் கணினிகூடத் தேவையில்லை. மீனாட்சியம்மன் கோயிலிலோ உங்கள் பக்கத்துச் சிவன் கோயிலிலோ முறையாகப் பயின்ற ஓதுவார் இருந்தால், அடியைச் சொன்னதும் பதிகத்தின் பெயரையும் பண்ணையும் சொல்லிவிடுவார்.

திருமூலர் பெயரில் வருவனவற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். உடம்பைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ எது வந்தாலும் அவர் தலையில் ஏற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. திருமந்திரப் பாட்டு நாலடி, நாலடியிலும் எதுகை நிற்கும். "உடம்பார் அழியின் உயிரார் அழிவர், திடம்பட மெய்ஞ்ஞானம் சேரவும் மாட்டார், உடம்பை வளர்க்கும் உபாயம் அறிந்தே, உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்பதில் டகரம் நான்கு இடத்திலும் நிற்பதைப் பார்க்கலாம். "அண்டத்தில் உள்ளதே பிண்டம்" என்பதைத் திருமந்திரம் என்று போடுகிறார்கள். அது சட்டைமுனி ஞானத்தில் வருவது. அட்டையில் 'திருமந்திரம்' என்று எழுதி ஓர் எண்ணும் போட்டிருந்தால் எண்ணைப் பார்த்து மயங்காமல் அந்த எண்ணைத் திறந்து பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் சற்று முன்பின்னாக இருக்கும், அதனால் பக்கத்தில் உள்ள சில பாட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் அந்த எண் சும்மா ஒட்டியதுதான்.

இனி ரமணர் அட்டை. இது வசனம், ஆகவே முதல் கேள்வி: இதை எழுதிவைத்தவர் யார்? ரமணரைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான பதில் இருப்பது நம் அதிர்ஷ்டம். அவரே எழுதியவை 'ஸ்ரீ ரமண நூற்றிரட்டு' என்ற ஒரே தொகுதியில் இருக்கின்றன. உள்ளது நாற்பது, உபதேச உந்தியார், அக்ஷரமணமாலை, நான் யார் எல்லாம் அதில் அடக்கம். அவர் பேசியவற்றை வேறு சிலர் குறித்துவைத்தார்கள். முனகால வெங்கட்ராமய்யா 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களை ஆங்கிலத்தில் குறித்தார். தேவராஜ முதலியார் 1945 முதல் 1947 வரை நாட்குறிப்பாக, அதுவும் ஆங்கிலத்தில் எழுதினார். சூரி நாகம்மா தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். இவற்றில் ஒன்றில்கூட அகப்படாத 'ரமணர் சொன்னார்' அட்டையை, மூலம் தெரியும்வரை சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பகவான் பெரும்பாலும் தமிழில் பேசினார், கேட்டவர் ஆங்கிலத்தில் எழுதினார், அதைத்தான் இன்று தமிழாக்கிப் படிக்கிறோம். ஆகவே உரையாடல் நூல்களிலிருந்து வரும் வாக்குக்கு 'இதே சொல்தான்' என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. கருத்து ஒத்து வருகிறதா, எந்தத் தேதி உரையாடல், யார் கேட்ட கேள்விக்குப் பதில் என்ற அளவில்தான் சரிபார்க்க முடியும். அவரே எழுதியவற்றில் அப்படி இல்லை. சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

உங்கள் அட்டை எந்த வகை? அவரே எழுதிய வகை. மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் மரண அனுபவம் பெற்று, 1896 ஆகஸ்ட் 29 அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப்போன பிள்ளையைத் தேடி, தாயார் அழகம்மாள் 1898 கடைசியில் திருவண்ணாமலைக்குப் போகிறார். பவழக்குன்றில் பிள்ளை மௌனமாக இருக்கிறார். அம்மா நாள்கணக்கில் அழுது கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டலாமே என்று தாளும் பென்சிலும் கொடுக்க, அவர் எழுதியது:

"அவரவர் பிராரப்தப் பிரகாரம் அதற்கானவன் ஆங்காங்கிருந்து ஆட்டுவிப்பன். என்றும் நடவாதது என் முயற்சிக்கினும் நடவாது. நடப்பது என் தடை செய்யினும் நில்லாது. இதுவே திண்ணம். ஆகலின் மௌனமாய் இருக்கை நன்று."

பதிப்புகளில் சந்தி சேர்ந்தும் பிரிந்தும் இருக்கும், சொற்கள் இவைதான். வாழ்க்கை வரலாற்று நூல் எதை எடுத்தாலும் தாய் வந்து அழைத்த இடத்தைத் திறந்தால் கிடைத்துவிடும். இப்போது அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியம் முழுதாகக் காணோம். பிராரப்தமும் போயிற்று, ஆட்டுவிப்பவனும் போயிற்று. 'மௌனமாய் இருக்கை' என்பது 'அமைதியாக இருப்பது' ஆகிவிட்டது. தமிழில் எழுதிய வாக்கு ஆங்கிலத்துக்குப் போய், அங்கே அட்டையாகி, அந்த அட்டையை யாரோ மறுபடி தமிழாக்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இந்த மாதிரி மறுதமிழாக்கத்தை ஒரே பார்வையில் அடையாளம் காணலாம். வாக்கியம் மிகச் சரளமாக, நேற்று எழுதியது போல இருக்கும். அந்தக் காலத்து வடசொல்லோ பழைய வினைமுடிபோ ஒன்றுகூட இருக்காது. இதைவிடக் கெட்டது 'நேர்மறை ஆற்றல்', 'பிரபஞ்சத்திடம் கேள், அது கொடுக்கும்' என்று மகான்கள் பெயரில் வருவது. 1950 ஏப்ரலில் சமாதி அடைந்தவர் இன்றைய தன்னம்பிக்கை வகுப்பின் நடையில் பேசியிருக்க வாய்ப்பே இல்லை. சொல்லே அது எந்தக் காலத்தது என்று காட்டிவிடும்.

முதல் வாக்கியம் போனதால் பொருளும் மாறிவிட்டது. பெற்ற தாய் வீட்டுக்கு வா என்று அழைத்ததற்கு மகன் தந்த மறுமொழி அது. அட்டையிலோ, முயற்சியே வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசம் போல நிற்கிறது. வேலை தேடி அலையும் பிள்ளை இதைப் படித்தால் என்ன நினைப்பான்? ஆகவே போடுவதென்றால் முழுவதையும் போட்டு, கீழே 'தாயார் அழைத்தபோது எழுதிக் காட்டியது, 1898' என்று ஒரு வரி சேருங்கள்.

மூன்றாவது, கீதாசாரம். மதுரையில் டீக்கடை, ஜவுளிக்கடை, பேருந்து என்று எங்கும் மாட்டியிருக்கும் வாசகம் என்பதால் இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் பகவத் கீதையின் 18 அத்தியாயத்தில், 700 சுலோகத்தில், இதற்கு மூலமான சுலோகம் இல்லை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், கீதை வரம்புள்ள நூல். மொத்தம் இவ்வளவுதான் என்று எண்ணிக்கை தெரியும். பாரதியார் மொழிபெயர்ப்பையோ வேறு எந்த நல்ல உரையையோ வைத்துக்கொண்டு சில நாள் மாலையில் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடலாம். அங்கே கண்ணன் அர்ஜுனனை 'பார்த்தா', 'குந்தியின் மகனே' என்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே பேசுகிறான், போர் செய்யச் சொல்கிறான். அட்டையில் அர்ஜுனனும் இல்லை, போரும் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் 'பிறந்தவனுக்கு இறப்பு உறுதி, தவிர்க்க முடியாததற்கு வருந்தாதே' என்ற கருத்து 27ஆம் சுலோகத்தில் வருகிறது. கடமையில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்பது 47ஆம் சுலோகம். 'நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது' என்பது இவற்றில் எதுவும் இல்லை. 'சாரம்தானே, சுலோகம் என்று சொல்லவில்லையே' என்று சிலர் வாதிடுவார்கள். சாரம் என்றால் எந்தச் சுலோகங்களின் சாரம் என்று காட்ட முடிய வேண்டும். கேட்டுப் பாருங்கள், அத்தியாய எண் வராது.

நூலுக்கு வரம்பு இருக்கும் இடத்தில்தான் 'இல்லை' என்று அடித்துச் சொல்லலாம். கீதை, திருக்குறள், திருவாசகம் போன்றவை அப்படி. ரமணர், விவேகானந்தர் போன்றவர்களுக்கு உரையாடலும் கடிதமுமாகப் பல தொகுதிகள் இருக்கின்றன. அங்கே தேடிக் கிடைக்காவிட்டால் 'மூலம் கிடைக்கவில்லை' என்று சொல்வதுதான் நேர்மை, 'பொய்' என்று சொல்வது அவசரம். அனுப்பிய பெரியவரிடமும் அதே மாதிரி 'அண்ணே, இது எந்தப் புத்தகத்துல இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க, கீழே போட்டுடலாம்' என்று கேட்டால் சண்டை வராது. இருந்தால் எடுத்துக் கொடுப்பார், இல்லாவிட்டால் அவரே யோசிப்பார்.

தேடும்போது விழக்கூடிய பெரிய பள்ளம் ஒன்று உண்டு. கூகுளில் ஒரு வாக்குக்கு நூற்றுக்கணக்கான பக்கம் வந்தால் அது நூற்றுக்கணக்கான சாட்சி ஆகாது. ஒருவர் போட்டதை மற்றவர் நகல் எடுத்திருப்பார்கள், ஓர் எழுத்துப் பிழைகூட அப்படியே எல்லாவற்றிலும் இருப்பதிலிருந்தே இது தெரியும். 'மகான்களின் பொன்மொழிகள்' என்று கடையில் கிடைக்கும் சின்னப் புத்தகமும் நூல் பெயர், பக்கம் குறிக்காதவரை சாட்சி ஆகாது. அச்சில் இருப்பதால் மட்டும் அதற்கு மதிப்புக் கூடிவிடாது. மதுரைக்கு வந்து நேரில் பார்க்க முடிந்தால் தமிழ்ச்சங்கம் சாலையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கமும், நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. போகும்போது அட்டையில் உள்ள வாசகத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, எந்த நூல் என்று ஓரளவு ஊகித்துக்கொண்டு போனால் அரை நாளில் வேலை முடியும்.

இனி உங்கள் ஃப்ளெக்ஸ். முதல் அட்டைக்குத் தாயுமானவர் பெயரைப் போட்டு, 'பராபரமே' சேர்த்து, கீழே 'பராபரக்கண்ணி' என்று எழுதுங்கள். இரண்டாவதை மூல வாசகத்தோடு மாற்றுங்கள். புரியாது என்று தோன்றினால் மூலத்தை மேற்கோள் குறிக்குள் வைத்து, உங்கள் எளிய தமிழைக் கீழே 'கருத்து' என்று தனியாகப் போடலாம், மேற்கோள் குறி இல்லாமல். மூன்றாவதைக் கீதை என்ற பெயரில் போடாதீர்கள். வாசகம் பிடித்திருக்கிறது என்றால் பெயர் இல்லாமல் போட யாரும் தடை சொல்லப் போவதில்லை, ஆனால் கண்ணன் படம் பக்கத்தில் வேண்டாம். படம் இருந்தாலே அவன் சொன்னது என்றுதான் படிப்பார்கள்.

கடைக்குக் கொடுத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வடிவமைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் போனில் அனுப்பும் யூனிகோடு எழுத்து அதில் உடைந்துபோனால் அவர்களே கண்ணால் பார்த்துத் திரும்ப அடிப்பார்கள். 'இன்புற்' என்பதில் ஒரு புள்ளி போவதும், 'நடவாது' என்பது பழக்கத்தில் 'நடக்காது' ஆவதும், 'ஆகலின்' என்பதைப் பிழை என்று நினைத்து 'ஆகவே' என்று திருத்துவதும் அங்கேதான் நடக்கும். மாதிரிப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, புத்தகத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க இன்னொருவர் ஒத்துப்பார்த்த பிறகு அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.